அக்டோபர் பற்றாக்குறை ஜூனிலேயே தெரியும்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது பாத்திரக் கடைக்குப் போய் இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் கேட்கிறோம். “அந்த மாடல் வரலைங்க, கம்பெனியிலேயே இல்லையாம்” என்கிறார் கடைக்காரர். அதே கம்பெனியின் குடோனில் அந்த வாரம் யாரும் கேட்காத வேறொரு மாடல் கூரை வரை அடுக்கிக் கிடக்கும். தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேலை நடக்கிறது, பணமும் முடங்கிக் கிடக்கிறது, ஆனால் வாடிக்கையாளர் கேட்ட பொருள் மட்டும் இல்லை.

இந்த நிலை அக்டோபரில் உண்டாவதில்லை. மூன்று, நான்கு மாதங்களுக்கு முன்பு விற்பனைத் துறை ஓர் எண்ணை நம்பியது. உற்பத்தித் துறை வேறோர் எண்ணுக்கு ஆள் போட்டது. கணக்குத் துறை மூன்றாவது எண்ணை வைத்து வங்கியில் பேசியது. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க யாருமில்லை. அப்படிப் பார்ப்பதற்கென்றே மாதம் ஒருமுறை நடப்பதுதான் விற்பனை–உற்பத்தித் திட்டக் கூட்டம். தொழிற்சாலைகளில் இதை ‘எஸ் அண்ட் ஓபி மீட்டிங்’ என்பார்கள். 1980-களில் அமெரிக்க ஆலோசகர்கள் இதற்கு ஒரு முறையான வடிவம் கொடுத்தார்கள். அவர்களில் ரிச்சர்ட் லிங், வால்டர் கோடார்ட் இருவரும் 1988-ல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்கள். இன்று மருந்து, கார், சோப்பு என்று எதைச் செய்யும் பெரிய நிறுவனமும் ஏதோ ஒரு வடிவில் இந்தக் கூட்டத்தை நடத்துகிறது.

ஆனால் கூட்டம் நடப்பது வேறு, அது பயன் தருவது வேறு. பயன் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு கிரைண்டர் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். கிரைண்டர் என்றால் கோவை. ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடு பெற்ற பொருள். மோட்டார் கட்டுபவர்கள், கல் செதுக்குபவர்கள், டிரம் செய்பவர்கள், அசெம்பிளி செய்பவர்கள் எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஊர் அது. நாம் பேசப்போகும் தொழிற்சாலையும் அதன் எண்களும் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை. கணக்குப் போடும் முறை மட்டும் எல்லாத் தொழிற்சாலைக்கும் பொதுவானது.

மூன்று துறை, மூன்று எண்

ஜூன் மாதம். இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் தொடக்கத்தில் வருகிறது. அதற்கான சரக்கு அக்டோபர் கடைசிக்குள் டீலர்களிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எனவே ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் ஆகிய நான்கு மாதங்கள்தான் கணக்கு. ஆடித் தள்ளுபடியும் கேரளத்தின் ஓணமும் இதற்குள்ளேயே வருகின்றன.

இரண்டு லிட்டர் கிரைண்டர் நான்கு மாதத்தில் 44,000 போகும் என்கிறது விற்பனைத் துறை. சென்ற ஆண்டு இதே மாதங்களில் போனது 34,000. பத்தாயிரம் எப்படிக் கூடும் என்று கேட்டால், “இந்த வருஷ டார்கெட் அதுதாங்க” என்று பதில் வருகிறது.

இங்கேதான் முதல் சிக்கல். இலக்கு வேறு, கணிப்பு வேறு. ஆட்களை ஓடவைக்க நிர்வாகம் வைப்பது இலக்கு. இன்று தெரிந்த எல்லாவற்றையும் வைத்து, உண்மையில் எவ்வளவு விற்கும் என்று சொல்வது கணிப்பு. இலக்கைக் கணிப்பு என்று சொல்லி உற்பத்தித் துறையிடம் நீட்டினால், ஆசையை நம்பிச் செம்பு வயர் வாங்கியதாக ஆகும். விற்பனை மேலாளர் பொய் சொல்லவில்லை. அவரிடம் நிர்வாகம் எப்போதும் கேட்பது இலக்கைத்தான். அதனால் அவர் வாயிலும் அந்த எண்தான் வருகிறது. மேலும், குறைத்துச் சொல்லிச் சரக்கு பற்றாமல் போனால் டீலரிடம் திட்டு வாங்குபவர் அவர். கூட்டிச் சொல்லிச் சரக்கு தேங்கினால் அந்த வட்டியைக் கட்டுவது வேறு துறை.

உற்பத்தி மேலாளருக்கு இது தெரியும். ஒவ்வொரு வருடமும் பார்த்தவர். எனவே யாரிடமும் சொல்லாமல் 44,000-ஐ வெட்டி, 32,000-க்கு ஆள் போடுகிறார். அவர் வெட்டுவது விற்பனைத் துறைக்கும் தெரியும். அடுத்த முறை அவர்கள் இன்னும் கூட்டிச் சொல்வார்கள், இவர் இன்னும் வெட்டுவார். சில ஆண்டுகளில் அந்தத் தொழிற்சாலையில் எந்த எண்ணுக்கும் பொருள் இருக்காது. கணக்குத் துறையோ ஏப்ரலில் போட்ட பட்ஜெட்டின் 40,000-ஐ வைத்து வங்கியில் கடன் வரம்பு பேசிக்கொண்டிருக்கும்.

முதல் வேலை: தேவையை நேர்மையாக மதிப்பிடுவது

முறையாக நடக்கும் இடங்களில் இது ஒரே கூட்டமன்று. ஒரு மாதத்துக்குள் வரிசையாக நடக்கும் ஐந்து படிகள். மாதத்தின் முதல் சில நாட்களில் சென்ற மாத விற்பனை, ஸ்டாக், உற்பத்தி விவரங்களைத் திரட்டுகிறார்கள். அடுத்து விற்பனையும் மார்க்கெட்டிங்கும் உட்கார்ந்து தேவையை மதிப்பிடுகின்றன. அதன்பின் உற்பத்தியும் கொள்முதலும் அதைச் செய்ய முடியுமா என்று பார்க்கின்றன. நான்காவதாக எல்லாத் துறையின் மேலாளர்களும் சேர்ந்து இடைவெளிகளையும் அவற்றுக்கான வழிகளையும் எழுதுகிறார்கள். கடைசியில்தான் முதலாளியோ நிர்வாக இயக்குநரோ உட்காரும் கூட்டம். முன்னே நான்கு படிகள் ஒழுங்காக நடந்திருந்தால் ஐந்தாவது கூட்டம் இரண்டு மணி நேரத்தில் முடியும். அவை நடக்காத இடத்தில் அந்தக் கூட்டம் நாள் முழுக்க நீளும். முடிவு மட்டும் வராது.

தேவை மதிப்பீட்டில் முதலில் எடுக்க வேண்டியது பழைய கணிப்பு நோட்டு. சென்ற ஆறு மாதங்களில், மூன்று மாதம் முன்கூட்டியே விற்பனைத் துறை சொன்னது மொத்தம் 34,000. உண்மையில் விற்றது 29,600. வித்தியாசம் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து. அதைவிட முக்கியமானது, ஆறு மாதமும் கணிப்பு கூடுதலாகவே இருந்திருக்கிறது என்பது. ஒரு மாதம் கூடவும் மறுமாதம் குறையவும் இருந்தால் அது இயல்பான பிழை. மழை, கல்யாண முகூர்த்தம், போட்டியாளரின் ஸ்கீம் என்று ஆயிரம் காரணம் இருக்கும்; அதை முழுதாக ஒழிக்க முடியாது. ஒரே பக்கமாகவே சாய்ந்துகொண்டிருந்தால் அது சார்பு. சார்பைக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளும் வேண்டாம். சொன்னதையும் விற்றதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும். 44,000-லிருந்து அந்தப் பதினைந்து விழுக்காட்டுச் சாய்வை எடுத்தால் 38,000 சுமாருக்கு வருகிறது.

அடுத்து டீலர் ஸ்டாக். தொழிற்சாலையிலிருந்து டீலருக்குப் போவதெல்லாம் விற்பனை ஆகாது. மாதக் கடைசியில் டார்கெட்டை எட்ட, கூடுதல் கமிஷன் கொடுத்து டீலரிடம் தள்ளிவிட்ட சரக்கு இன்னும் அவர் குடோனிலேயே இருக்கலாம். டீலரிடமிருந்து வீடுகளுக்குப் போனது எவ்வளவு என்பதுதான் உண்மையான தேவை. நம் எடுத்துக்காட்டில் பெரிய டீலர்களிடம் விசாரித்தபோது, வழக்கத்தைவிட ஆயிரம் கிரைண்டர் அதிகமாகத் தேங்கியிருப்பது தெரிகிறது. அதைக் கழித்து 37,000 என்று முடிவாகிறது. ஜூலையில் 6,000, ஆகஸ்டில் 8,000, செப்டம்பரில் 10,000, அக்டோபரில் 13,000. எந்த அனுமானத்தின் பேரில் இந்த எண்கள் வந்தன என்பதையும் எழுதி வைக்கிறார்கள்: விலை ஏறாது, ஆடியில் சென்ற ஆண்டின் ஸ்கீமே இருக்கும், புதிய மாடல் எதுவும் இறங்காது. பின்னால் எண் தவறினால் எந்த அனுமானம் பிசகியது என்று அப்போது பார்க்க முடியும்.

டீலரின் ஆர்டரைத் தேவை என்று நம்பியதால் உலகறிந்த நிறுவனங்களும் அடிபட்டிருக்கின்றன. 2000-ம் ஆண்டு இணையக் கருவிகளுக்குப் பெரிய தட்டுப்பாடு. அமெரிக்காவின் சிஸ்கோ நிறுவனத்திடம் ஆர்டர்கள் குவிந்தன. எங்கே முதலில் கிடைக்கிறதோ அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று வாடிக்கையாளர்கள் ஒரே தேவைக்குப் பல இடங்களில் ஆர்டர் போட்டிருந்தார்கள். சிஸ்கோ அந்த ஆர்டர்களைப் பார்த்து உதிரிபாகங்களை வாங்கிக் குவிக்க ஒப்புக்கொண்டது. சந்தை சரிந்ததும் ஆர்டர்கள் மறைந்தன. 2001-ல் சுமார் 220 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கை நட்டம் என்று எழுதித் தள்ள வேண்டியதாயிற்று. அங்கே கணினியும் திறமையும் குறைவில்லாமல் இருந்தன. ஆர்டர்களில் எத்தனை இரட்டிப்பு என்பது மட்டும் பிடிபடவில்லை.

இரண்டாம் வேலை: எவ்வளவு செய்ய முடியும்

உற்பத்தித் திறன் என்றதும் பெரும்பாலோர் அசெம்பிளி லைனைப் பார்க்கிறார்கள். நம் தொழிற்சாலையின் உற்பத்தி மேலாளர் சரியாகச் சொல்கிறார்: “அசெம்பிளி ஒரு நாளைக்கு நானூறு போடும்ங்க. ஆனா வைண்டிங்ல முந்நூறுக்கு மேல வராதுங்க.” மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவுதான் இங்கே மிகக் குறுகலான இடம். மோட்டார் வராமல் அசெம்பிளியில் எத்தனை பேர் நின்றாலும் கிரைண்டர் வராது. எனவே தொழிற்சாலையின் திறன் நாளுக்கு 300, மாதத்துக்கு 25 வேலைநாள் என்றால் 7,500. எந்தத் திட்டத்தையும் முதலில் அந்தக் குறுகலான இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அங்கே பொருந்தாத எண் வேறு எங்கேயும் பொருந்தாது.

அந்த இடம் நிலையானதும் அன்று. கல் கொண்டுவருபவர் தவணை தவறினால் அடுத்த மாதம் கல்தான் குறுகல். மாடல் மாறினாலும் அது இடம் பெயரும். ஆகவே ‘இந்த மாதம் குறுகல் எங்கே’ என்பது ஒவ்வொரு மாதமும் புதிதாகக் கேட்க வேண்டிய கேள்வி.

மூன்றாம் வேலை: எவ்வளவு கையில் வைப்பது

ஸ்டாக் எவ்வளவு வேண்டும் என்றால் விற்பனை ‘நிறைய’ என்கும், கணக்கு ‘குறைவாக’ என்கும். இரண்டுமே விடையல்ல. ஸ்டாக் வைப்பதற்கு முக்கியக் காரணம் கணிப்பு தவறும் என்பதே. எனவே கணிப்பு எவ்வளவு தவறுகிறது என்பதிலிருந்துதான் அந்த அளவு வர வேண்டும்.

இந்தத் தொழிற்சாலையில், சார்பை நீக்கிய பிறகும், மாதக் கணிப்பின் வழக்கமான விலகல் 1,800 அளவில் இருக்கிறது. புள்ளியியலில் இதைத் திட்ட விலக்கம் என்பார்கள். உற்பத்தியை மாற்ற ஒரு மாதம் ஆகும் என்றால், அந்த ஒரு மாதத்துத் தவறைத் தாங்கும் அளவுக்கு ஸ்டாக் வேண்டும். இருபது மாதங்களில் பத்தொன்பதிலாவது பற்றாக்குறை வராமல் இருக்க, இந்த 1,800-ஐ 1.65-ஆல் பெருக்குவது வழக்கம். 2,970 வருகிறது, 3,000 என்று வைத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு பயன் ஒளிந்திருக்கிறது. ஒரு கிரைண்டரின் தயாரிப்புச் செலவு 3,000 ரூபாய் என்று வைத்தால், 3,000 கிரைண்டர் என்பது 90 லட்சம் ரூபாய். கணிப்பைச் சீராக்கி விலகலை 1,800-லிருந்து 1,200-க்குக் குறைத்தால், தேவையான ஸ்டாக் 2,000 ஆகிறது. முப்பது லட்சம் ரூபாய் குடோனிலிருந்து கைக்கு வருகிறது. நல்ல கணிப்புக்கு ரூபாயில் விலை உண்டு என்பதைக் கணக்குத் துறைக்குக் காட்டும் வழி இதுதான்.

நான்கு மாதமும் ஒரே தாளில்

இப்போது மூன்று எண்களும் ஒரே தாளில் சேர்கின்றன. ஜூலை முதல் தேதி கையில் இருப்பது 5,000. மாதம் 7,500 செய்தால் என்ன ஆகும்?

| மாதம் | தேவை | உற்பத்தி | மாதக் கடைசி ஸ்டாக் |
|---|---|---|---|
| ஜூலை | 6,000 | 7,500 | 6,500 |
| ஆகஸ்ட் | 8,000 | 7,500 | 6,000 |
| செப்டம்பர் | 10,000 | 7,500 | 3,500 |
| அக்டோபர் | 13,000 | 7,500 | 2,000 பற்றாக்குறை |

இந்தச் சின்ன அட்டவணையை மெதுவாகப் படிக்க வேண்டும். ஜூலையில் ஸ்டாக் கூடுகிறது. ஆகஸ்டில் ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. செப்டம்பர் முடிவிலும் இலக்கான 3,000-க்கு மேலேயே இருக்கிறது. அன்றாடம் குடோனைப் பார்த்து முடிவெடுப்பவருக்கு செப்டம்பர் 30 வரை ஒரு குறையும் கண்ணில் படாது. அக்டோபரில் திடீரென்று இரண்டாயிரம் பேருக்குச் சரக்கு இல்லை. இலக்கு ஸ்டாக்கையும் சேர்த்தால் குறைவு மொத்தம் 5,000.

அக்டோபரில் இதைக் கண்டுபிடித்தால் என்ன செய்ய முடியும்? வைண்டிங் பிரிவில் ஓவர்டைம் போட்டால் மாதத்துக்கு அதிகபட்சம் 1,500 கூடுதலாக வரும். அது அக்டோபர் விற்பனைக்கே பற்றாது. வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கலாம் என்றால், ஊரிலுள்ள எல்லா வைண்டிங் பட்டறைகளும் தீபாவளி வேலையில் மூழ்கியிருக்கும். கிடைத்தாலும் புதுப் பட்டறையின் மோட்டாரைச் சோதித்து ஏற்க மூன்று வாரம் வேண்டும். ஜூனில் கண்டுபிடித்தால் இந்த எல்லா வழியும் திறந்திருக்கின்றன. பற்றாக்குறையின் அளவு இரண்டு மாதத்திலும் ஒன்றுதான். அதைத் தீர்க்கும் வழிகள் மட்டும் மாதம் போகப் போக ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. இந்தக் கூட்டம் தரும் மிகப் பெரிய பயன் அந்தக் கால அவகாசம்தான்.

வழிகளுக்கு விலை போடுவது

நான்காம் படியில் மேலாளர்கள் வழிகளை எழுதுகிறார்கள். முதலாவது ஓவர்டைம். கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி. ஒரு கிரைண்டருக்கு 60 ரூபாய் கூடும். இரண்டாவது, வைண்டிங்கின் ஒரு பகுதியை ஜாப் ஒர்க் விடுவது. மோட்டாருக்கு 80 ரூபாய் கூடும், தரச் சோதனைக்கு ஆள் வேண்டும். மூன்றாவது, தேவையையே சற்று மாற்றுவது. அக்டோபரில் விலைத் தள்ளுபடி கொடுப்பதைத் தவிர்த்து, அதே தள்ளுபடியை ஆகஸ்டில் முன்கூட்டி எடுக்கும் டீலருக்குக் கொடுப்பது. ஆனால் டீலரிடம் முன்பே தேக்கம் இருப்பதால் இந்த முறை அதை ஒதுக்குகிறார்கள். நான்காவது, எதுவும் செய்யாமல் இருப்பது. ஒரு கிரைண்டருக்கு 500 ரூபாய் பங்களிப்பு என்றால் 2,000 கிரைண்டருக்குப் பத்து லட்சம் ரூபாய் போகும். அதோடு நவம்பர் வெறும் குடோனோடு தொடங்கும்.

முன்கூட்டியே செய்து வைத்தால் வட்டி வளராதா என்பது கணக்குத் துறையின் நியாயமான கேள்வி. ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வட்டி என்றால், 3,000 ரூபாய்ச் சரக்குக்கு மாதம் 25 ரூபாய். இரண்டு மாதம் முன்னதாகச் செய்து வைத்தால் 50 ரூபாய். விற்பனை போனால் 500 ரூபாய் போகும். எண்கள் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வாக்குவாதம் தானே குறைகிறது.

கடைசிக் கூட்டத்தில் முடிவாவது இது. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் மாதம் 1,000 கிரைண்டர் ஓவர்டைமில். செப்டம்பரிலும் அக்டோபரிலும் மாதம் 1,000 மோட்டார் ஜாப் ஒர்க்கில். அதற்கான பட்டறையை ஜூலையிலேயே தேர்ந்து சோதிக்க வேண்டும். மொத்தம் 5,000 கூடுகிறது. ஸ்டாக் ஆகஸ்ட் முடிவில் 7,000-ஐத் தொட்டு, செப்டம்பரில் 6,500 ஆகி, அக்டோபர் முடிவில் சரியாக 3,000-ல் நிற்கும். உச்சத்தில் குடோனில் முடங்கும் பணம் 2 கோடியே 10 லட்சம். அந்த அளவுக்கு வங்கி வரம்பு இருக்கிறதா, குடோனில் இடம் இருக்கிறதா என்பதைக் கணக்குத் துறை அப்போதே சொல்லிவிடுகிறது.

விற்பனைத் துறையின் 44,000-ஐ அப்படியே நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கணக்கில் 42,000 செய்ய வேண்டும். விற்பது 37,000 என்றால் அக்டோபர் முடிவில் 10,000 கிரைண்டர் தேங்கும். மூன்று கோடி ரூபாய். தீபாவளி முடிந்த சந்தையில் அதைத் தள்ள இரண்டு, மூன்று மாதம் ஆகும். தள்ளுபடியும் கொடுக்க வேண்டிவரும். அதற்குள் பொங்கல் விற்பனைக்குச் செய்ய வேண்டிய மாடலுக்கு இடமும் பணமும் இருக்காது.

எங்கே பிசகும்

முடிவான திட்டத்தை எல்லோரும் காப்பது கூட்டத்தைவிடக் கடினம். பிசகும் இடங்கள் மூன்று.

முதலாவது, கிட்டத்து மாதத்தைக் கலைப்பது. ஒரு பெரிய டீலர் போன் செய்தார் என்று இந்த வாரத்து உற்பத்தியை மாற்றினால், வந்து சேர்ந்த கல்லும் டிரம்மும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும், லைன் நிற்கும். எனவே நடப்பு மாதத்தை உறையவைத்து, அதற்குள் மாற்றம் வேண்டுமானால் மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும் என்று வைப்பார்கள். கூட்டத்தின் பேச்சு மூன்றாவது மாதத்துக்கு அப்பால் இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் பதினெட்டு மாதம் முன்னால் வரை பார்க்கின்றன. புது வைண்டிங் இயந்திரம் வாங்குவதா என்பது போன்ற முடிவுகளுக்கு அவ்வளவு தூரம் பார்க்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, நுணுக்கத்தில் மூழ்குவது. சிவப்புக் கிரைண்டர் எத்தனை, வெள்ளை எத்தனை என்று இந்தக் கூட்டத்தில் பேசினால் பொழுது அதிலேயே போய்விடும். இங்கே பேச வேண்டியது பொருள் குடும்பங்களைப் பற்றி: இரண்டு லிட்டர், டில்டிங், வணிகப் பயன்பாட்டுக்கான பெரியது என்று நான்கைந்து குடும்பங்கள். பல நிறங்களைச் சேர்த்துக் கணித்தால் ஒன்றின் கூடுதல் இன்னொன்றின் குறைவை ஈடுகட்டும், கணிப்பும் துல்லியமாகும். நிறப் பிரிப்பை வாரத் திட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, கேடு மிகுந்தது: தவறிய கணிப்புக்குத் தண்டனை கொடுப்பது. சென்ற மாதம் ஏன் குறைந்தது என்று விற்பனை மேலாளரை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்திக் கேட்டால், அடுத்த மாதம் அவர் உண்மையைச் சொல்ல மாட்டார்; தன்னைக் காப்பாற்றும் எண்ணைச் சொல்வார். விலகலை அளக்க வேண்டும், காரணத்தை எழுத வேண்டும், ஒரே பக்கச் சார்பைக் கேள்வி கேட்க வேண்டும். ஒரு மாதத் தவறுக்காக ஒருவரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது. முதலாளி இதைக் காக்காவிட்டால் மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் வெறும் தாள்தான்.

இந்த முறையால் முடியாததும் உண்டு. முற்றிலும் புதிய மாடலுக்குப் பழைய விற்பனை இல்லை. அங்கே ஒரே எண்ணைச் சொல்வதைவிட ‘நாலாயிரத்திலிருந்து எட்டாயிரம்’ என்று ஓர் எல்லையைச் சொல்லி, இரண்டு முனைக்கும் என்ன செய்வோம் என்று எழுதி வைப்பதே நேர்மை. திடீர் மின்தடையையும் லாரி வேலைநிறுத்தத்தையும் மாதாந்தரக் கூட்டம் தடுக்காது. அவற்றுக்கு அன்றாட மேற்பார்வை வேண்டும்.

கூட்டம் பலித்ததா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. மறுநாள் விற்பனை, உற்பத்தி, கொள்முதல், கணக்கு ஆகிய நால்வரிடமும் தனித்தனியே “செப்டம்பரில் எத்தனை?” என்று கேளுங்கள். நால்வரும் 9,500 செய்கிறோம், 10,000 விற்கிறோம் என்றால் பலித்தது. ஒருவர் ‘எழுதியது அது, ஆனால்...’ என்று இழுத்தால், அவர் இன்னும் தன் பழைய எண்ணை வைத்துத்தான் வேலை செய்கிறார்.

முப்பது பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் இது பொருந்தும். அங்கே ஐந்து படி வேண்டாம், மென்பொருள் வேண்டாம். ஒரு பொருளை மட்டும் எடுங்கள். தேவை, உற்பத்தி, மாதக் கடைசி ஸ்டாக் ஆகியவற்றை வரும் நான்கு மாதங்களுக்கு ஒரு தாளில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை, குறித்த தேதியில், விற்பவரையும் செய்பவரையும் பணம் பார்ப்பவரையும் உட்காரவைத்து அந்தத் தாளைத் திருத்துங்கள். பழைய தாளைக் கிழிக்காமல் வைத்திருங்கள். சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள தூரத்தை அதுதான் காட்டும். ஆறு மாதம் விடாமல் செய்தால், உங்கள் கணிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, குறுகலான இடம் எது, எவ்வளவு ஸ்டாக் வைத்தால் போதும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை உங்கள் கையிலேயே இருக்கும். அடுத்த பண்டிகைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.